பால்மானியில் 30 காட்டினால் பால் சுத்தமா?

கேள்வி: வியாசர்பாடியில் தெருவுக்கு வரும் பால்காரரிடம் பசும்பால் வாங்குகிறோம். லாக்டோமீட்டரில் 30 காட்டுகிறார். ஆனால், காய்ச்சினால் ஆடையே படிவதில்லை. மாவோ மருந்தோ கலந்திருந்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: லாக்டோமீட்டர் தண்ணீரைத் தேடும் கருவி அன்று, பாலின் கனத்தை மட்டுமே அது சொல்லும். 30 என்றால் ஒரு லிட்டர் பால் 1,030 கிராம் எடை என்று பொருள். பசும்பாலுக்கு 28 முதல் 32 வரை இயல்பு. தண்ணீர் சேர்ந்தால் அளவு இறங்கும். ஆனால், கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், பாலேட்டை எடுத்துவிட்டால் அளவு 35 வரை ஏறும். அந்தப் பாலில் லிட்டருக்கு 150 மில்லி தண்ணீர் ஊற்றினால் மீண்டும் 30-க்கு வந்துவிடும். இடைத்தரகர்கள் கருவியைத் தாமே முன்வந்து மிதக்கவிட்டுக் காட்டுவதன் ரகசியம் இதுதான்.

கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். 15.5 டிகிரி என்றிருந்தால், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்ட வேண்டும். நம் ஊரில் பால் 30 டிகிரியில் இருந்தால் சுமார் 3 கூடும். உங்கள் 30 உண்மையில் 33. ஆடையும் படியாததால், பாலேடு எடுக்கப்பட்டது என்றே சந்தேகிக்கிறேன். 27 டிகிரி என்று அச்சிட்டிருந்தால் ஏறக்குறைய அப்படியே கொள்ளலாம். எதுவுமே அச்சிடாத மலிவுக் குழாயை நம்பாதீர்கள். மறுபுறம், நேர்மையான மாட்டுக்காரரின் பால் இதே வெயிலில் 25 காட்டலாம். 3 கூட்டினால் 28. கறந்த சூட்டிலும் நுரையிலும் அளந்தால் இன்னும் குறைத்தே காட்டும் என்பதால், ஒரு மணி நேரம் கழித்தே அளக்க வேண்டும். இது தெரியாமல் அவரைத் திருடன் என்று விரட்டிவிட்டு, 30 காட்டும் தரகரிடம் போகிறவர்கள்தாம் அதிகம்.

குறைந்த கனத்தை மறைக்க மாவு சேர்ப்பதும் உண்டு. இரண்டு ஸ்பூன் பாலைக் கொதிக்கவைத்து, முழுக்க ஆறிய பின் மருந்துக்கடை டிங்சர் அயோடின் 3 சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு இருக்கிறது. சூட்டில் நீலம் தோன்றாது என்பதால் அவசரப்பட வேண்டாம். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

பால் கெடாமலிருக்கக் கலக்கும் மருந்தான ஃபார்மலினைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு அடர்ந்த கந்தக அமிலம் வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். அதற்குப் பதில், காய்ச்சாத பாலில் அரை டம்ளரை வெளியே வையுங்கள். நம் வெக்கையில் அது இரவுக்குள் புளித்துத் திரிய வேண்டும். மறுநாள் காலையிலும் திரியாமல், புளித்த வாடையும் இல்லாமல் இருந்தால் அந்தப் பாலை நிறுத்திவிடுங்கள்.

உறுதியான விடை ஆய்வகத்தில்தான் கிடைக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால், சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டுமாம்! ஆகவே பால் பாத்திரத்துக்குள் விழுந்த பிறகு சொல்லுங்கள். முன்னதாகச் சொன்னால் அன்றைக்கு மட்டும் நல்ல பால் வரும்.