கேள்விக்குறி எங்கே வரும்? – டீ போடும் பாய்வுப்படம்

அன்புள்ள ஐயா,

கணினிப் பாடம் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். டீ போடுவதற்குப் பாய்வுப்படம் வரையச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்று, அடுப்பைப் பற்றவை, தூள் போடு என்று ஒன்பது கட்டங்களை வரிசையாக வரைந்தேன். “இது பட்டியல்தான், பாய்வுப்படம் இல்லை” என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். சாய்சதுரம் எங்கே வர வேண்டும், எத்தனை வர வேண்டும்?

ஒரு வாசகி, தேனி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆசிரியை சொன்னது சரி. டீ போடுகிறவர் எங்கெல்லாம் பாத்திரத்தையோ ஆளையோ பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தீர்மானிக்கிறாரோ அங்கெல்லாம் சாய்சதுரம் வரும். ஒருவருக்குப் பால் டீ என்று வைத்துக்கொண்டால் அப்படி மூன்று இடங்கள் இருக்கின்றன: தண்ணீர் கொதித்ததா, பால் பொங்குகிறதா, சர்க்கரை வேண்டுமா.

தாளின் நடுவில் மேலிருந்து கீழாக முதலில் எழுத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். வடிவத்தைப் பிறகு சுற்றி வரையலாம். சாய்சதுரத்துக்குள் இடம் குறைவு. அதை முதலில் வரைந்தால் எழுத்து வெளியே வழியும். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், திரும்பி வரும் அம்புகளுக்கு அது வேண்டும்.

மேலே நீள்வட்டத்தில் ‘தொடக்கம்’. அடுத்து செவ்வகங்கள்: ‘100 மி.லி. தண்ணீர் ஊற்று’, ‘அடுப்பைப் பற்றவை’. பிறகு முதல் சாய்சதுரம்: ‘தண்ணீர் கொதிக்கிறதா?’ இதிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பும். ‘ஆம்’ கீழே போய் ‘1 தேக்கரண்டி தேயிலைத் தூள் போடு’ என்ற கட்டத்தில் சேரும். ‘இல்லை’ வலப்பக்கம் போய் ‘அரை நிமிடம் காத்திரு’ என்ற கட்டத்தைத் தொட்டு மேலே திரும்பும்.

திரும்பும் அந்த அம்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். அது சாய்சதுரத்துக்குச் சற்று மேலே, உள்ளே நுழையும் கோட்டில் சேர வேண்டும். ‘தண்ணீர் ஊற்று’ கட்டத்துக்குக் கொண்டுபோனால், கொதிக்காத ஒவ்வொரு முறையும் இன்னொரு 100 மி.லி. சேரும், தண்ணீர் கொதிக்க இன்னும் நேரமாகும், கடைசியில் பாத்திரம் நிரம்பி வழியும். திரும்பச் செய்ய வேண்டியது எதுவோ அது மட்டுமே அந்தச் சுற்றுக்குள் இருக்கலாம். இங்கே அது காத்திருப்பதும் மறுபடி பார்ப்பதும்தான்.

தூளைப் போட்டபின் ‘2 நிமிடம் கொதிக்க விடு’, ‘100 மி.லி. பால் ஊற்று’, பிறகு இரண்டாவது சாய்சதுரம்: ‘பால் பொங்கி மேலே வருகிறதா?’ இதற்கும் அதே மாதிரி ஒரு சுற்றுதான், ஆனால் அரை நிமிடம் என்று போடாதீர்கள். பால் பொங்கத் தொடங்கினால் சில நொடிகளில் அடுப்பில் வழிந்துவிடும். ‘5 நொடி காத்திரு’ என்று எழுதுங்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைப் பொருளின் வேகம்தான் முடிவுசெய்கிறது.

‘ஆம்’ என்றால் ‘அடுப்பை அணை’, ‘டம்ளரில் வடிகட்டு’. கடைசியாகச் சர்க்கரை. ‘எவ்வளவு சர்க்கரை?’ என்று எழுதினால் சாய்சதுரம் வேலை செய்யாது. பதில் எத்தனை விதமாகவும் வரலாம், அம்போ இரண்டுதான். ‘சர்க்கரை வேண்டுமா?’ என்று கேளுங்கள். ‘ஆம்’ என்பது ‘1 தேக்கரண்டி போட்டுக் கலக்கு’ வழியாகக் கீழே வரும். ‘இல்லை’ அந்தக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கீழே வரும். இரண்டும் ‘முடிவு’ நீள்வட்டத்துக்கு முன்னால் ஒரே கோட்டில் சேர வேண்டும். இங்கே எதுவும் மேலே திரும்புவதில்லை என்பதைக் கவனியுங்கள்: முதல் இரண்டும் சுற்றுகள், இது பிரிந்து சேரும் கிளை.

உள்ளீட்டையும் வெளியீட்டையும் காட்டும் இணைகரமும் வேண்டும் என்று ஆசிரியை கேட்டால், தண்ணீர், பால், தூள், சர்க்கரை என்ற பொருள்களைத் தொடக்கத்துக்கு அடுத்தும், ‘டீ’ என்பதை முடிவுக்கு முன்பும் இணைகரத்தில் எழுதிவிடுங்கள். இவ்வளவு சிறிய படத்துக்கு அது போதும்.

வரைந்ததும் ஒரு நாணயத்தைத் தொடக்கத்தில் வைத்து அம்புகளின் வழியே நகர்த்துங்கள். முதல் தடவை எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’, அடுத்த தடவை முதல் இரண்டு கேள்விக்கும் ஒருமுறை ‘இல்லை’, பிறகு ‘ஆம்’, சர்க்கரைக்கு ‘இல்லை’ மட்டும். நாணயம் போக வழியில்லாமல் நின்றால் அங்கே ஓர் அம்பு குறைகிறது. மூன்றாவது தடவை கேஸ் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நகர்த்துங்கள். தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. நாணயம் அந்தச் சுற்றிலேயே முடிவில்லாமல் ஓடும். அதை நிறுத்த, காத்திருக்கும் கட்டத்துக்கு முன்னால் ‘அடுப்பு எரிகிறதா?’ என்று நான்காவது சாய்சதுரம் ஒன்றைச் செருகலாம். ‘ஆம்’ என்றால் காத்திருப்புக்குப் போகும். ‘இல்லை’ என்றால் ‘அடுப்புக் குமிழை மூடு’ என்ற கட்டம் வழியாக நேரே ‘முடிவு’க்குப் போகும்.