ஹெல்மெட் போட்டால் மண்ணின் எடை குறையாது

கேள்வி: சைட்டில் ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதித் தரச் சொல்கிறார்கள். லைக்லிஹுட், சிவியாரிட்டி மார்க் எல்லாம் எதை வைத்துப் போடுவது? யாரிடமாவது ரெடி ஃபார்மட் இருக்கிறதா?

ஃபார்மட் கேட்கிறீர்கள் என்றால் சேஃப்டி ஆபீசர் இல்லாத சின்ன சைட்டாகத்தான் இருக்கும், சைட் இன்ஜினியரான உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். நானும் பழைய சைட்டின் ஃபைலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுத்தேன்.

வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு 2.8 மீட்டர் ஆழத்தில் பள்ளம். ஒரு பக்கம் அடுத்த வீட்டு காம்பவுண்ட் சுவர். ஹசார்ட் என்ற கட்டத்தில் 'பள்ளம் தோண்டுதல்' என்று எழுதினேன். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்கிற லைக்லிஹுட் 4, நடந்தால் எவ்வளவு மோசம் என்கிற சிவியாரிட்டி 5, பெருக்கினால் 20, சிவப்பு. கண்ட்ரோல் கட்டத்தில் 'ஹெல்மெட், ஷூ, எச்சரிக்கை ரிப்பன்' என்று போட்டு, சிவியாரிட்டியை 2 ஆக்கினேன். 4×2, எட்டு. எங்கள் கம்பெனி அட்டவணையில் எட்டு வரை பச்சை. உடனே கையெழுத்து கிடைத்தது.

நவம்பர் மாதம், ராத்திரி முழுக்க மழை. காலையில் பள்ளத்தின் அடியைச் சமன் செய்ய இரண்டு பேர் இறங்க இருந்தார்கள். மேஸ்திரி கரையில் குனிந்து பார்த்துவிட்டு, "சார், ஆளை இறக்காதீங்க, மண்ணு வெடிச்சிருக்கு" என்றார். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு கோடு. என் சுண்டுவிரல் உள்ளே போகும் அகலம். பதினோரு மணிக்கு அந்தக் கோடு வரை மூன்று மீட்டர் நீளத்துக்கு அப்படியே உட்கார்ந்தது. ஈரக் களிமண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 டன். விழுந்தது நான்கைந்து டன்னாவது இருக்கும். நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது. அதில் ஹெல்மெட் என்ன செய்யும்?

அன்று ராத்திரி அந்த ஒரு வரியைத் திருப்பி எழுதினேன். ஹசார்ட்: 'செங்குத்தாக வெட்டிய 2.8 மீட்டர் களிமண் சுவர், உள்ளே வேலை செய்யும் இருவர் மேல் சரிவது.' லைக்லிஹுட் ஏன் 4 என்பதற்குக் காரணத்தையும் எழுதினேன்: சாய்வு இல்லை, முட்டு இல்லை, தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடியில் குவித்திருக்கிறோம், மழைக்காலம். காரணத்தை எழுதிவிட்டால் கண்ட்ரோலைத் தேடிப் போக வேண்டாம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில். மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதியில் அளவே இருக்கிறது: 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமென்றால் பக்கங்களைச் சாய்த்தோ படி வைத்தோ வெட்ட வேண்டும், இல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண் 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். எங்களுக்குப் பாதி 1.4தான், அதனால் 1.5. மூன்று பக்கம் படி வெட்டினோம். காம்பவுண்ட் பக்கம் இடமில்லை, அங்கே பலகை வைத்து சவுக்குக் கட்டையால் முட்டு. ஏறி இறங்க ஏணி. ஜேசிபி போகும் வழியை எதிர்ப்பக்கம் மாற்றினோம். தினமும் காலையிலும், மழை விட்ட பிறகும் கரையைப் பார்ப்பது மேஸ்திரி. அவர் சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இதை அவர் பெயர் போட்டே எழுதினேன்.

மறு மதிப்பீடு: லைக்லிஹுட் 2, சிவியாரிட்டி அதே 5. பத்து, மஞ்சள். "இன்னும் பச்சை ஆகலையே" என்று மேனேஜர் கேட்டார். சரிவது அரிதாகலாம் சார், சரிந்தால் சாவுதான் என்றேன். ஆழத்தைக் குறைத்தாலோ, ஆளே இறங்காமல் வேலையை மாற்றினாலோதான் அந்த 5 குறையும்.

பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து, சவுக்கு முட்டெல்லாம் ஒரு முட்டா, டிசைன் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பேஸ்மென்ட் ஆழத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைந்து தராமல் தொடவே கூடாது. நான் சொல்வது ஒரு தொட்டிப் பள்ளத்தைப் பற்றி மட்டும்.

  

ஃபார்மட் எதுவாக இருந்தாலும் சரி. முதலில் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து எழுத உட்காருங்கள். மழை பெய்த மறுநாள் அந்த லைக்லிஹுட் மார்க்கைத் திரும்பப் போடுங்கள்.