எழுதி விற்றவர் கையில் உங்கள் குடுமி

“நாளை மறுநாள் கட்டுரை ஒப்படைக்க வேண்டும். களவைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் அகப்படாது என்று காசுக்கு எழுதித் தருபவர்கள் உறுதி சொல்கிறார்கள். வேறென்ன ஆபத்து? (யாழ்ப்பாணம், இரண்டாம் வருடம்)”

மிரட்டல். மென்பொருளிடம் தப்பலாம், விற்றவரிடம் தப்ப முடியாது. உங்கள் பதிவெண், வங்கிப் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அவரிடம் இருக்கும். “இன்னும் இருபதாயிரம் போடு, இல்லையென்றால் விரிவுரையாளருக்கு அனுப்புவேன்” என்ற செய்தி பட்டம் பெற்ற பிறகும் வரலாம். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள்.

ஏற்கெனவே பேசிவிட்டீர்களா? நீங்கள் அவருக்கு அனுப்பிய கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்து, உங்கள் பெயரும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல்கலைக்கழகப் பாடத்தளமான மூடிலின் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

எல்லாரும் மிரட்டுவதில்லை. ஆனால் யார் மிரட்டுவார் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியும். விரிவுரையாளரிடம் இன்றே அவகாசம் கேளுங்கள். தாமதத்துக்குப் புள்ளி குறைந்தாலும் கணக்கு அதோடு முடிந்துவிடும்.