800 ரயர் எடுத்தால் லாபமா?

"ஐயா, பரந்தனில் சைக்கிள் பாகக் கடை வைத்திருக்கிறேன். தருமபுரம், விசுவமடுப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கும் கொடுக்கிறேன். மாதம் சுமார் 200 ரயர் போகும். யாழ்ப்பாணத்தில் எடுக்கிறேன், ஒரு நடைக்கு லொறி 7,500 ரூபா. 400க்குக் குறைந்தால் ரயர் 2,000, 400 முதல் 1,980, 800 முதல் 1,970 என்கிறார் முதலாளி. இப்போது 300தான் எடுக்கிறேன். வங்கி மேலதிகப்பற்று, ஓடி என்பார்களே, அதன் வட்டி 15 சதவீதம். 800 எடுக்கலாமா?"

800 வேண்டாம் தம்பி, 400 எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் முதலாளியிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். 400 எடுத்தால் அத்தனை ரயருக்கும் 1,980 தானா, அல்லது 399க்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமா? கீழே உள்ள கணக்கு அத்தனைக்கும் விலை குறையும் என்று வைத்துப் போட்டது. மேற்பட்டதுக்கு மட்டும் என்றால் கணக்கே வேறு.

அடுத்தது, ஒரு ரயர் வருடம் முழுக்கக் கடையில் கிடந்தால் என்ன செலவு? ஓடி வட்டி 15 சதவீதம். தகரக் கூரைச் சூட்டில் ரப்பர் வெடிப்பது, ஓடாத அளவுகள் தேங்குவது ஆகியவற்றுக்கு இன்னும் 5 வைப்போம். ஆக 20. 2,000 ரூபா ரயருக்கு அது வருடம் 400 ரூபா. இறக்கும் கூலியை இதில் சேர்க்காதீர்கள். ரயர் கணக்கில் கொடுக்கும் கூலி எத்தனை நடையில் எடுத்தாலும் வருடத்துக்கு ஒன்றுதான். நடைக்கு நடை வருவது லொறி வாடகை மட்டும்.

ஒரு தடவைக்கு எத்தனை எடுத்தால் வாடகையும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறையுமோ, அதுதான் சிக்கனமான கட்டளை அளவு. அதற்குச் சூத்திரம் √(2DS/H). D வருட விற்பனை 2,400, S ஒரு நடைச் செலவு 7,500, H ஒரு ரயரை வருடம் வைத்திருக்கும் அந்த 400 ரூபா. விடை 300. நீங்கள் பழக்கத்தில் எடுத்துவந்த அளவு 2,000 ரூபா விலைக்கு மிகச் சரியானது. மற்ற இரண்டு விலையைப் போட்டாலும் விடை ஏறக்குறைய 302 என்றுதான் வருகிறது. ஆனால் 302 ரயருக்கு யாரும் 1,970 தரப்போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அந்த விலை தொடங்கும் அளவையே எடுத்துப் பார்க்க வேண்டும். 300ஐத் தாண்டினால் வைத்திருக்கும் செலவு ஏறுவது வாடகை குறைவதைவிடக் கூட. அதனால் 1,980க்காகக் கூட்டுவதென்றால் 400உடன் நிற்க வேண்டும். 600 எடுப்பதில் பயனில்லை.

இனி வருட மொத்தச் செலவு. அதில் ரயரின் விலையும் சேர வேண்டும். வழக்கமான கணக்கில் அதை விட்டுவிடுவோம், விலை மாறும்போது விடக்கூடாது. கடையில் சராசரியாகக் கிடப்பது கட்டளையில் பாதி.

300 எடுத்தால் ரயருக்கு 48,00,000, எட்டு நடைக்கு 60,000, வைத்திருக்க 60,000, மொத்தம் 49,20,000. 400 எடுத்தால் 47,52,000, ஆறு நடைக்கு 45,000, வைத்திருக்க 79,200, மொத்தம் 48,76,200. 800 எடுத்தால் 47,28,000, மூன்று நடைக்கு 22,500, வைத்திருக்க 1,57,600, மொத்தம் 49,08,100.

400இல் வருடம் 43,800 ரூபா மிஞ்சும். 800இலும் 11,900 மிஞ்சுகிறதே என்று தோன்றும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதை 300உடன் ஒப்பிடக்கூடாது, 400உடன்தான் ஒப்பிட வேண்டும். 400இலிருந்து 800க்குப் போனால் விலையில் 24,000, வாடகையில் 22,500, ஆக 46,500 மிச்சம். வைத்திருக்கும் செலவோ 78,400 கூடுகிறது. 31,900 ரூபா நட்டம்.

இந்த முடிவு அந்த 20 சதவீதத்தில்தான் நிற்கிறது. அது ஏறக்குறைய 12க்குக் கீழே போனால் 800 வென்றுவிடும். ஓடி இல்லாமல் சொந்தக் காசில் ஓட்டினால் திரும்பக் கணக்குப் பாருங்கள். அப்போதும் அந்தக் காசை நிலையான வைப்பில் போட்டால் கிடைக்கும் வட்டியைச் செலவாகப் பிடிக்க வேண்டும். பாடசாலைத் தவணை தொடங்கும் நேரத்தில் விற்பனை கூடும் என்றால், அந்த ஒரு கட்டளையை மட்டும் பெரிதாக்கலாம். சூத்திரம் வருடம் முழுக்க ஒரே சீராகப் போகும் சாமானுக்குத்தான்.

முதலாளி 800ஐ வற்புறுத்தினால் 1,970ஐ ஒப்புக்கொள்ளாதீர்கள். விலை 1,957 ரூபாவில்தான் 800ம் 400ம் சமமாகின்றன. 1,955 கேளுங்கள். அந்த விலையில் வருடச் செலவு 48,70,900, அதாவது 400ஐவிட 5,300 குறைவு. அதற்கும் 800 ரயரும் ஒரே லொறியில் ஏற வேண்டும். இரண்டு லொறி பிடிக்க வேண்டி வந்தால் வாடகை மிச்சம் போய்விடும், 400ஐ விட்டு அசையாதீர்கள்.