'அனுப்பவும்' என்று எழுதியது தப்பா?

"மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், 'தயவுசெய்து மாலைக்குள் பட்டியலை அனுப்பவும்' என்று மரியாதையாகத்தான் எழுதினேன். 'எனக்கே ஆர்டரா?' என்று கேட்டுவிட்டார். எங்கே தப்பு?"

தப்பு அந்த 'வும்'மில் இருக்கிறது. 'அனுப்பவும்' எழுத்து நடைதான், ஆனால் மரியாதை நடை இல்லை. 'வரிசையில் நிற்கவும்', 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகையில் பார்க்கிறோமே, அதே வடிவம். அதில் நீங்கள், நான் என்று யாரும் இல்லை, உத்தரவு மட்டும் இருக்கிறது. மேலிருந்து கீழே வரும் சுற்றறிக்கைக்கு அது பொருந்தும். கீழிருந்து மேலே போனால் உறுத்தும். முன்னால் 'தயவுசெய்து' போட்டாலும் பலகை பலகைதான்.

'அனுப்புங்கள்' என்றால் எதிரே ஆள் வந்துவிடுகிறார், ஆனாலும் ஏவல்தான். மேலதிகாரியிடம் கேள்வியாகக் கேட்டு, காரணத்தையும் சேர்த்துவிடுங்கள்: "சார், அந்தப் பட்டியலை மாலைக்குள் அனுப்ப முடியுமா? ஆறு மணிக்கு ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும்." காரணம் இருந்தால் அவசரம் உங்களுடையதாகத் தெரியாது, வேலையுடையதாகத் தெரியும்.

நண்பனுக்கு இதையே அனுப்பினால், "என்னடா, கோபமா?" என்பான். அவனுக்கு "டேய், லிஸ்ட் அனுப்புடா" போதும். முன்பின் தெரியாத டெலிவரிக்காரரிடம் 'முடியுமா' கூட கொஞ்சம் விறைப்புதான். "அண்ணா, கேட் பக்கம் வந்துட்டு ஒரு கால் பண்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த 'றீங்களா' கேள்வியாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்.

அப்புறம், விடுப்புக் கடிதத்தில் 'விடுப்பு வழங்கவும்' என்று முடிக்காதீர்கள். 'வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள்.