வீடியோ ஓடவில்லையா? ஸ்கிரிப்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ப்ளவுஸ் கையைச் சுருக்கம் இல்லாமல் தைப்பது பற்றி 9 நிமிட வீடியோ போட்டேன். வழக்கமாகப் பத்து நாளில் 3,000 பேர் பார்ப்பார்கள். இதை 400 பேர்தான் பார்த்தார்கள். ஸ்கிரிப்டை மாற்றி மறுபடி எடுக்கட்டுமா? (திண்டுக்கல் வாசகி)

வேண்டாம் அம்மா. ஸ்கிரிப்ட் எப்படி இருக்கிறது என்பது உள்ளே வந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அதனால் முதலில் தம்ப்நெயில் எத்தனை பேர் கண்ணில் பட்டது, பட்டவர்களில் எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள், வந்தவர்களில் 30-வது விநாடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மூன்றுமே யூடியூப் ஸ்டுடியோவில் இருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய படங்களில் க்ளிக் விகிதம் 5.1%. உங்கள் மற்ற வீடியோக்களுக்கும் ஏறக்குறைய அதேதான். ஆகவே தலைப்பும் விஷயமும் மக்களை இழுத்திருக்கின்றன. ஆனால் 30-வது விநாடியில் 38% பேர்தான் மிச்சம். உங்கள் பழைய வீடியோக்களில் 65% பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது, அதாவது தாண்டி வந்தவர்கள் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் நன்றாக இருக்கிறது, வாசல்தான் சரியில்லை. வந்தவர்கள் உடனே திரும்பிவிட்டதால் யூடியூப்பும் மேற்கொண்டு அதிகம் பேருக்குக் காட்டவில்லை.

வீடியோவைத் திறந்து பார்த்தேன். முதலில் லோகோ, பிறகு வணக்கம், சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வது, துணி வாங்கிய கதை. சுருக்கம் விழுந்த கை 36-வது விநாடியில்தான் வருகிறது. அதைத் தேடித்தானே வந்தார்கள்! ஸ்டுடியோ எடிட்டரில் ட்ரிம் செய்து அந்த 36 விநாடியை வெட்டிவிடுங்கள். லிங்க், பார்வைகள், கமென்ட் எதுவும் போகாது. மாற்றம் சேமிக்கச் சில மணி நேரம் ஆகலாம். அப்புறம் வெட்டிய தேதிக்குப் பிந்தைய நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கணக்கைப் பாருங்கள். பழைய நாட்களைச் சேர்த்தால் முன்னேற்றம் தெரியாது.

என்னுடையது சமையல் சேனல். மிக்ஸி ரிப்பேர் பற்றி ஒரு வீடியோ போட்டேன். பார்த்தவர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள், க்ளிக் 1.8%தான். தம்ப்நெயில் கோளாறா, விஷயமே தப்பா?

இந்த இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். க்ளிக் விகிதத்தை மொத்தமாகப் பார்க்காமல், பார்வையாளர் எந்த வழியாக வந்தார் என்று பிரித்துப் பாருங்கள். தேடி வந்தவர்களிடம் விகிதம் நன்றாக இருந்து, முகப்புப் பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தால், தம்ப்நெயிலைக் குறை சொல்ல வேண்டாம். சாம்பார் பார்க்க வந்த உங்கள் பார்வையாளர்களுக்கு மோட்டார் வேண்டாம், அவ்வளவுதான். தேடலிலும் விழுந்திருந்தால் தம்ப்நெயிலையும் தலைப்பையும் மாற்றிப் பாருங்கள். யூடியூப்பிலேயே மூன்று தம்ப்நெயில் வரை ஒப்பிட வசதி உண்டு. நிறத்தை மட்டும் மாற்றாமல் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று படங்களை வையுங்கள். மூன்றையும் வைத்தும் க்ளிக் விகிதம் ஏறாவிட்டால் குறை விஷயத்தில்தான். சிறிய சேனலில் பார்வை போதாமல் சோதனை முடிவு சொல்லாமலே போகலாம். அப்போது கையால் மாற்றி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தம்ப்நெயில் மிக அதிகம் பேருக்குக் காட்டப்பட்டபோது விகிதம் இறங்குவது இயல்பு. உங்களைத் தெரியாதவர்களுக்கும் போகிறது என்று பொருள். அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள்.

மாவடு ஊறுகாய் வீடியோவை மே கடைசியில் போட்டேன். க்ளிக்கும் சரி, 30 விநாடியும் சரி. ஆனால் காட்டப்பட்டதே கொஞ்சம் பேருக்குத்தான்.

இரண்டு விகிதமும் உங்கள் வழக்கப்படி இருந்து, காட்டிய எண்ணிக்கை மட்டும் குறைந்தால் நேரத்தைச் சந்தேகிக்கலாம். மே கடைசியில் சந்தையில் மாவடு ஏது? கூகுள் ட்ரெண்ட்ஸில் ‘மாவடு’ என்று போட்டு, இணையத் தேடலுக்குப் பதில் யூடியூப் தேடலைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருடக் கோட்டைப் பாருங்கள். வருடா வருடம் ஒரே மாதங்களில் மேடு எழுந்தால் பருவம்தான் காரணம். வீடியோவை அழிக்க வேண்டாம். அடுத்த பருவம் தொடங்கும்போது, பிப்ரவரி வாக்கில், தலைப்பைச் சற்றுப் புதுப்பித்து, கம்யூனிட்டி பதிவில் லிங்க் போடுங்கள். எப்போதுமே மேடு இல்லாத தட்டைக் கோடாக இருந்தால் தேவையே குறைவு. அது விஷயத்தின் பிரச்சினை.

காலை போடுவதா மாலை போடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். போடும் மணி நீண்ட நாள் ஓட்டத்தைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூப்பே சொல்கிறது.

எத்தனை நாள் கழித்துத் தீர்ப்பு சொல்லலாம்?

நாளை விட எண்ணிக்கையைப் பாருங்கள். நாற்பது பேர் பார்த்த வீடியோவில் நான்கு பேர் கிளம்பினாலே 10% சரியும். சில நூறு பார்வைகளாவது சேரட்டும். ஒப்பிடும்போது, ஏறக்குறைய அதே நீளமுள்ள உங்கள் வேறு வீடியோ அதே வயதில் எப்படி இருந்தது என்று பாருங்கள். 3 நிமிட வீடியோவையும் 20 நிமிட வீடியோவையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு தவறும்.