செத்த போனும் புதுப் பையனும்: கேள்வி பதில்

கேள்வி: ஆன் ஆகாத போன் வந்தா முதல்ல எதைப் பார்க்கணும்? கடைக்குப் புதுசா வந்த பையனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?

வந்த நாலாம் நாளே, சூடான காற்றை ஊதும் ஹாட் கன்னைக் கையில் எடுத்துவிட்டான். "அண்ணே, பவர் ஐசிதான் போயிருக்கும். லேசா சூடு காட்டவா?" என்றான். போனை அதுவரை திறக்கவே இல்லை.

"கன்னைக் கீழே வை. முதல்ல அந்த நம்பருக்கு ஒரு கால் போடு. அப்புறம் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாரு" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் செத்துப்போனதாகச் சொல்லிக் கொண்டுவரும் போன்களில் சிலதில் ரிங் போகும், வைப்ரேட் ஆகும். போயிருப்பது டிஸ்ப்ளே மட்டும்தான். இந்தப் போனில் அப்படி எந்த அசைவும் இல்லை. திறந்து பேட்டரியைக் கழற்றி அளந்தான். 3.7 வோல்ட் காட்டியது. ஆக, சந்தேகம் போர்டின் மேல் திரும்பியது.

கேள்வி: அடுத்து டிசி சப்ளைதானே? அதுல என்ன தெரியும்?

பேட்டரிக்குப் பதிலாகப் போர்டுக்குக் கரண்ட் கொடுத்து, அது எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் காட்டும் பெட்டி அது. பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும். 4 வோல்ட் வைத்து, 2 ஆம்புக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி, பேட்டரி இருந்த இடத்தில் வயரை மாட்டச் சொன்னேன். மாட்டிய உடனே மீட்டர் 1.6 ஆம்புக்குத் தாவியது. பயந்துபோய் வயரைப் பிடுங்கினான்.

"பவர் பட்டனை அமுக்கினியா?"

"இல்லண்ணே."

"அமுக்காமலே யாரு குடிக்கிறா?"

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தான். நல்ல போர்டு பட்டனை அமுக்கும்வரை ஏறக்குறைய பூஜ்யத்தில்தான் நிற்கும். அமுக்கிய பிறகுதான் மீட்டர் ஏறி இறங்கி ஆடும். அமுக்குவதற்கு முன்பே இப்படி இழுத்தால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைனிலேயே ஷார்ட் இருக்கிறது. அமுக்கியும் பூஜ்யம் என்றால் கதை வேறு: பட்டன் லைன், பேட்டரி கனெக்டர், பவர் ஐசி என்று அந்தப் பக்கம் போக வேண்டும். அதனால்தான் பட்டனில் கை வைப்பதற்கு முன் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: இவ்வளவு எதுக்கு? மல்டிமீட்டரை பஸ்ஸர்ல வெச்சு ஒவ்வொரு கெப்பாசிட்டரா தொட்டா, பீப் அடிக்கிறதுதான் ஷார்ட்.

பாதி சரி. பேட்டரி லைனில் பீப் வந்தால் நம்பலாம். ஆனால் பிராசசருக்குப் போகும் லைன்களில் ரெசிஸ்டன்ஸ் இயல்பாகவே ரொம்பக் குறைவு. நல்ல போர்டிலும் பீப் அடிக்கும். அதை ஷார்ட் என்று நினைத்து நல்ல பார்ட்டைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன்!

இன்னொன்று, ஒரே லைனில் முப்பது கெப்பாசிட்டர் இருந்தால் முப்பதிலும் பீப் வரும். எது குற்றவாளி என்று பஸ்ஸர் சொல்லாது. பையனிடம் மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை கிரவுண்டில், கறுப்பை லைனில் தொடச் சொன்னேன். 0.003 காட்டியது, கிட்டத்தட்ட பூஜ்யம். சரி, ஷார்ட் உறுதி. இடம் பிடிக்க ரோசின், சால்டரிங் செய்யும்போது தொட்டுக்கொள்ளும் பிசின். சூடான அயர்ன் நுனியை ரோசினில் தொட்டு, அந்தப் புகையைப் போர்டில் காட்டினால் வெள்ளையாகப் படியும். பிறகு சப்ளையை 1 வோல்ட்டுக்கு இறக்கி அந்த லைனில் கொடுத்தோம். மூன்று எண்ணுவதற்குள், சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்றின் மேல் மட்டும் வெள்ளை உருகிக் கண்ணாடி மாதிரி ஆனது.

"அண்ணே, இவன்தான்!"

கழற்றினான். மல்டிமீட்டரில் மறுபடி அளந்தால் 0.38, ஷார்ட் போய்விட்டது. சப்ளையை மறுபடி 4 வோல்ட் வைத்தபோது பூஜ்யம். பட்டனை அமுக்கியதும் 0.08, 0.2, 0.4 என்று ஆடி, போன் ஒரு முறை அதிர்ந்தது.

கேள்வி: என் போன் லோகோ வரைக்கும் வந்து நின்னுடுது. நானும் அந்த கெப்பாசிட்டரைக் கழட்டிப் பார்க்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். லோகோ வருகிறதென்றால் உங்கள் பேட்டரி லைனில் இப்படி ஷார்ட் இல்லை. பெரும்பாலும் சாப்ட்வேரோ மெமரியோ பார்க்க வேண்டிய விஷயம். முதலில் டேட்டாவைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரப்பட்டு பிளாஷ் செய்து சாப்ட்வேரைப் புதிதாக ஏற்றினால் படமெல்லாம் போய்விடலாம்.

கேள்வி: கழட்டின இடத்தை அப்படியே விட்டுடலாமா? அது ஏன் போச்சு?

ஒரே லைனில் பல கெப்பாசிட்டர் இருந்தால் ஒன்று இல்லாமலும் போன் ஓடும். விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு ஒப்பாது. பழைய போர்டிலிருந்து அதே இடத்துக் கெப்பாசிட்டரை எடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டைத் தொலைத்து, மூன்றாவதை ஒட்ட வைத்தான்.

ஏன் போனது என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டைதான். கீழே விழுந்து விரிசல் விட்டிருக்கும் என்பது என் கணக்கு. தண்ணீர் பட்டிருக்கும் என்கிறான் அவன். போர்டில் கறையும் இல்லை, மூலையில் அடிபட்ட தடமும் இல்லை.